அமாவாசையும் டே ஆர்டரும்: மாலை வேலைக்குப் போகும் ஒரு மாணவனின் படிப்பு வாரம்

கடந்த ஆண்டு ஜூலை தொடக்கத்தில் என் சின்னம்மா மகன் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தங்கச்சிமடத்தில் வீடு, ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் மாலை வேலை என்று மூன்று ஊர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவன் அவன். சார்ட்டில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்டு, பச்சை மையில் பாடங்களை எழுதியிருந்தான். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 26 மணி நேரப் படிப்பு. முதல் வாரம் எவ்வளவு நடந்தது என்று கேட்டேன். ஒன்பது மணி நேரம் என்றான். இரண்டாம் வாரம் அதைவிடக் குறைவு.

நானும் பி.காம். படித்த காலத்தில் மாலையில் ஒரு ஜவுளிக்கடையின் பில் போடும் மேசையில் நின்றவள் என்பதால் அந்தச் சார்ட் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. நானும் அப்படி ஒன்றைச் சுவரில் ஒட்டி, மூன்றாவது வாரத்தில் அதன் பின்பக்கத்தில் கோலம் வரைந்து பார்த்திருக்கிறேன். ஆகவே அவனுடைய சோம்பலைப் பற்றிப் பேசாமல், கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறான் என்பதை மட்டும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அன்று மாலையும் அடுத்து வந்த மூன்று வாரங்களும் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். கல்லூரி காலை 9.30 முதல் பிற்பகல் 2.45 வரை, ஐந்து நாள், ஆக 26 மணி நேரம். பேருந்தில் போகவர ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் பன்னிரண்டரை. லாட்ஜ் வேலை வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய நான்கு நாளும் மாலை 5 முதல் இரவு 10.30 வரை, ஆக 22 மணி நேரம். வேலைக்காக மட்டும் போய்வரும் நேரம் இன்னும் மூன்று. தூக்கத்துக்கு நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் ஒதுக்கினால் ஐம்பத்திரண்டரை. எல்லாவற்றையும் கழித்தால் ஏறக்குறைய 52 மணி நேரம் மிஞ்சுகிறது. தம்பி செய்த தவறு இங்கேதான் தொடங்கியது. அந்த 52 மணி நேரத்தில் பாதியைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம், அது நியாயமான ஆசைதானே என்று அவன் நினைத்திருந்தான்.

ஆனால் அந்த 52 ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதில்லை. குளிக்க அரை மணி, பேருந்து வரும்வரை நிற்க இருபது நிமிடம், தங்கையை டியூஷனிலிருந்து கூட்டிவர அரை மணி, வேலை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுக்க முக்கால் மணி என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அவனுடைய சார்ட்டில் இருந்த 26 மணி நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம், வேலை நாட்களில் இரவு 11.30 முதல் 1 மணி வரை என்று போட்டிருந்தது. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில், “புத்தகம் திறந்துதான் இருந்துச்சு அக்கா” என்பது.

அந்த ஆறு மணி நேரத்தை முதலில் அடித்தோம். அவன் வயதுக்காரர்களுக்கு இரவில் ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ராமேஸ்வரத்தில் 10.30-க்கு வேலையை ஒப்படைத்துவிட்டு 11 மணிக்கு வீட்டுக்கு வருகிறவன் 11.45-க்குப் படுத்து 6.45-க்கு எழுந்தால்தான் ஏழு மணி நேரம் கிடைக்கும். 7.50 பேருந்தைப் பிடிக்க அதற்குமேல் தூங்கவும் முடியாது. ஒரு மணி வரை விழித்திருந்தால் அன்றைய இரவுத் தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். மறுநாள் முதல் இரண்டு வகுப்புகளில் கண் சொக்கும். அங்கே நழுவியதைப் பிடிக்க இன்னொரு இரவு விழிக்க வேண்டியிருக்கும். அதோடு, இரவு 9 மணிக்கு லாட்ஜில் எல்லோருக்கும் தேநீர் வரும். தேநீரில் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், படுத்த பிறகும் தூக்கம் வராமல் புரள்வதற்குப் பாதிக் காரணம் அந்தத் தேநீராகவே இருக்கலாம். தேநீரை மாலை 6 மணிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் திட்டத்தில் எளிதாக நிறைவேறியது இந்த ஒன்றுதான்.

அடுத்துதான் உண்மையான சிக்கல் வந்தது. அவன் வாழ்க்கையை மூன்று நாட்காட்டிகள் ஆள்கின்றன, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. லாட்ஜ் கிழமைப்படி நடக்கிறது. கல்லூரி டே ஆர்டர்படி நடக்கிறது. ராமேஸ்வரம் திதிப்படி நடக்கிறது.

டே ஆர்டர் என்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பழகிய ஏற்பாடு என்றாலும், அது ஒரு படிப்புத் திட்டத்தை எப்படிக் கவிழ்க்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாட அட்டவணை ஒன்று முதல் ஆறு வரை ஆறு நாள்களுக்கு இருக்கும். வகுப்புகளோ வாரத்துக்கு ஐந்து நாள். இந்தத் திங்கள் முதல் டே ஆர்டர் என்றால் வெள்ளி ஐந்தாவது, அடுத்த திங்கள் ஆறாவது, செவ்வாய் மீண்டும் முதலாவது. இடையில் ஒரு விடுமுறை விழுந்தால் வரிசை அப்படியே ஒரு நாள் தள்ளிப் போகும். கம்பெனிகளின் கணக்குகளைச் சொல்லித்தரும் நிறுமக் கணக்கியல் பாடம் இந்த வாரம் புதன்கிழமை வந்தால் அடுத்த வாரம் வியாழனில் வரும், அதற்கடுத்த வாரம் வெள்ளியில். தம்பி தன் சார்ட்டில் “புதன்: நிறுமக் கணக்கியல், அன்று நடத்தியதை அன்றே முடிக்க” என்று எழுதியிருந்தான். முதல் வாரம் அது சரியாக வந்தது. இரண்டாம் வாரம் அந்தப் பாடம் புதனுக்கு வரவே இல்லை. வந்த நாளிலோ அவனுக்கு அதற்கான நேரம் இல்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி, வகுப்பையும் படிப்பையும் பிரித்துவிடுவது. அன்று நடத்தியதை அன்றே படிப்பது என்ற, எல்லா ஆசிரியர்களும் சொல்லும் அறிவுரையை மாலை வேலைக்குப் போகிறவன் பின்பற்ற முடியாது. ஆகவே படிக்கும் நேரங்களைக் கிழமையோடு கட்டினோம், ஏனென்றால் அவன் ஓய்வு நாட்கள் கிழமைப்படிதான் வருகின்றன. டே ஆர்டருக்கு வாரத் தாளின் தலைப்பில் ஒரு வரி மட்டும் ஒதுக்கினோம்: திங்கள் 4, செவ்வாய் 5, புதன் 6, வியாழன் 1, வெள்ளி 2 என்று. அசைன்மென்ட் கொடுக்கவேண்டிய நாளும் வகுப்புத் தேர்வு நாளும் அந்த வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். “அடுத்த மூணாவது டே ஆர்டர்ல கொண்டுவாங்க” என்று ஆசிரியர் சொன்னால், அது வெள்ளியா திங்களா என்று பேருந்தில் யோசிக்க வேண்டியதில்லை.

பிறகு உண்மையில் மேசை முன்னால் உட்காரக்கூடிய நேரம் எது என்று தேடினோம். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களிலும் மாலை 4.30-க்கு வீடு வந்துவிடுகிறான். குளித்து, சாப்பிட்டு, 5.30 முதல் 7.30 வரை இரண்டு மணி நேரம் உட்கார முடியும். அதற்குப் பிறகு தொலைக்காட்சியும் பக்கத்து வீட்டுப் பேச்சும் வந்துவிடும், சின்ன வீடு. சனிக்கிழமை காலை இரண்டரை மணி நேரம் உண்டு. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்த பிறகு இன்னொரு இரண்டரை. மொத்தம் 11 மணி நேரம். 26 மணி நேரம் எழுதி ஒட்டியவனுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. ஒன்பது மணி நேரம் தானாகவே நடந்திருக்கிறது, பதினொன்று திட்டமிட்டு நடந்தால் போதும் என்றேன். அவன் நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

பேருந்தில் போகும் நேரத்தையும் வரவேற்பு மேசையில் சும்மா இருக்கும் நேரத்தையும் இந்தப் பதினொன்றில் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அந்த நேரம் வீண் என்று நினைத்து விலக்கவில்லை. அது வேறு சாதி நேரம், அவ்வளவுதான். மாலை 6 மணியிலிருந்து ஏழேகால் வரை லாட்ஜில் ஓரளவு அமைதி இருக்கும் என்றான். பகலில் வந்தவர்கள் கோயிலுக்குப் போயிருப்பார்கள், இரவு வருகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அமைதிக்குள்ளும் ஒருவர் சுடுநீர் கேட்பார், ஒருவர் அக்னி தீர்த்தத்துக்கு வழி கேட்பார், ஒரு குடும்பம் ஆதார் நகலும் முன்பணமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே கணக்குப் போட உட்கார்ந்தால் பாதியில் பேனா நிற்கும், திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் அடுத்த மணி அடிக்கும். அவன் அங்கே செய்துகொண்டிருந்தது, தீர்த்த கணக்குகளை வழிகாட்டிப் புத்தகத்தில் மேலோட்டமாகப் பார்ப்பது. அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் தெளிவாகத் தெரியும், தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையும் வந்துவிடும்.

அந்த நம்பிக்கையை ஒரு வெற்றுத்தாளில் சோதித்துப் பார்த்தோம். பங்கு ஒறுப்பிழப்பு, அதாவது கேட்ட தொகையைக் கட்டாதவரின் பங்குகளை நிறுமம் பறித்துக்கொள்வது, என்ற பகுதியைத் தான் மூன்று தடவை பார்த்துவிட்டதாகவும் அது முடிந்த பாடம் என்றும் சொன்னான். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கணக்கைச் சொன்னேன். 10 ரூபாய் முகமதிப்புள்ள 100 பங்குகள். நிறுமம் இதுவரை கட்டச் சொல்லி அழைத்தது பங்குக்கு 8 ரூபாய்: விண்ணப்பத்தின்போது 2, ஒதுக்கீட்டின்போது 3, முதல் அழைப்பில் 3. பங்குதாரர் விண்ணப்பத் தொகையும் ஒதுக்கீட்டுத் தொகையும் கட்டிவிட்டு முதல் அழைப்பைக் கட்டவில்லை. பங்குகள் ஒறுப்பிழப்பு செய்யப்படுகின்றன. குறிப்பேட்டுப் பதிவைத் தர வேண்டும்.

அவன் தயங்காமல் பங்கு முதல் கணக்கில் 1,000 ரூபாய் பற்று என்று எழுதினான். பிறகு முதல் அழைப்புக் கணக்குக்கு 300 வரவு, ஒறுப்பிழப்புக் கணக்குக்கு 500 வரவு என்று எழுதிவிட்டு, பற்றும் வரவும் பொருந்தாமல் 200 ரூபாய் தொங்குவதைப் பார்த்து நின்றுவிட்டான். நிறுமம் இன்னும் அழைக்காத 2 ரூபாய்க்குப் பங்கு முதல் கணக்கில் வரவே வைக்கப்பட்டிருக்காது, ஆகவே பற்று வைக்க வேண்டியது அழைக்கப்பட்ட 800 மட்டும். வழிகாட்டிப் புத்தகத்தில் அவன் பார்த்த மூன்று கணக்குகளிலும் முழுத்தொகையும் அழைக்கப்பட்டிருந்ததால் இந்த வேறுபாடு அவன் கண்ணிலேயே படவில்லை. தொடர்ந்து, அந்தப் பங்குகள் 8 ரூபாய் செலுத்தப்பட்டவையாகப் பங்குக்கு 6 ரூபாய்க்கு மறுவெளியீடு செய்யப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வங்கி 600 பற்று, ஒறுப்பிழப்பு 200 பற்று, பங்கு முதல் 800 வரவு. ஒறுப்பிழப்பில் மிஞ்சும் 300 முதலினக் காப்புக்குப் போகும். முதல் பதிவு சரியாக விழுந்த பிறகு இதை அவனே சொல்லிவிட்டான். இருபது நிமிடம்தான் ஆனது. ஆனால் மேசையும் தாளும் தொடர்ச்சியான இருபது நிமிடமும் வேண்டியிருந்தது. அது லாட்ஜ் மேசையில் கிடைக்காது.

படித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்தே அளந்து காட்டினார்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது ஏறக்குறைய 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தம்பிக்கு இதில் உறைத்தது அந்த ஐந்து நிமிடம்தான். வரவேற்பு மேசையில் புத்தகத்தை மூடும் தருணத்தில் தனக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பது ஏன் என்று அவனுக்கு அப்போது விளங்கியது.

ஆகவே நேரங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தோம். செவ்வாய் மாலை முதல் இருபது நிமிடம் போன வாரக் கணக்கு ஒன்றை வெற்றுத்தாளில் போடுவது, மீதி நேரம் புதிய பகுதி. புதன் மாலை முழுவதும் புதிய பகுதி. வியாழன் மாலை புதிதாக எதையும் தொடக்கூடாது, செவ்வாயும் புதனும் படித்ததை மூடிவைத்து எழுதுவது மட்டும். சனி காலை வியாழனன்று தவறிய கணக்குகளை மறுபடி போடுவது. ஞாயிறு காலை எழுத்துப் பாடங்கள், கடைசிப் பதினைந்து நிமிடம் அடுத்த வாரத் தாள். ஒரு கணக்கு செவ்வாயன்று கற்கப்பட்டு, வியாழன், சனி, அடுத்த செவ்வாய் என்று மூன்று தடவை திரும்பி வரும்படி இது அமைந்தது. அதற்காக அவன் தனியாக ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கண்டுபிடிக்கவில்லை.

பேருந்துக்கும் லாட்ஜ் மேசைக்கும் ஒரு வரியில் விடை வரக்கூடிய கேள்விகளை ஒதுக்கினோம்: நேர்மைப் பங்குக்கும் முன்னுரிமைப் பங்குக்கும் என்ன வேறுபாடு, ஒறுப்பிழப்பில் எந்தத் தொகை பற்று, இதுபோல. முதலில் சிறு துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொண்டுபோனான். பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியதும் காற்று என்ன செய்யும் என்று இந்தக் கரையில் பிறந்தவனுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? இரண்டாவது நாளே நான்கு சீட்டுகள் கடலுக்குப் போயின. பிறகு சட்டைப்பையில் அடங்கும் தைத்த நோட்டுக்கு மாறினான். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை, வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொள்வது. தவறிய கேள்விக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் அது மேசைக்கு வரவேண்டிய கேள்வி.

இனி மூன்றாவது நாட்காட்டி. ராமேஸ்வரத்தில் விடுதி வேலை பார்க்கிறவனுக்கு அமாவாசை என்பது வெறும் விரத நாள் இல்லை. அதிலும் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் முந்தைய நாளே வந்து தங்குவார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தீவுக்கு மறுபடியும் ரயில் வரத் தொடங்கிய பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. தம்பியின் முதல் இன்டர்னல் தேர்வு ஜூலை 28, திங்கட்கிழமை, நிறுமக் கணக்கியலில் தொடங்குவதாக இருந்தது. அவன் சார்ட்டில் இந்த இரண்டு தேதிகளும் இல்லை. காலண்டரைக் கிழித்துப் பார்த்துச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, “புதன், வியாழன் ரெண்டு நாளும் கூப்பிடுவாங்களே அக்கா?” என்பதுதான்.

கூப்பிடத்தான் செய்வார்கள். வாரத்தின் மூன்று மேசை மாலைகளில் இரண்டு போய்விடும், தேர்வுக்கு முந்தைய வாரத்திலேயே. ஆனால் இது விபத்து அல்ல, காலண்டரில் அச்சடித்துக் கிடப்பது. பத்து நாள் முன்னதாகவே அதைப் பார்த்துவிட்டதால் இரண்டு காரியங்கள் செய்ய முடிந்தது. ஒன்று, அந்த வாரத்துக்குப் புதிய பகுதி எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்து, ஒறுப்பிழப்பையும் மறுவெளியீட்டையும் ஜூலை 15, 16, 17 மாலைகளுக்கே இழுத்துக்கொண்டோம். இரண்டாவது, அவன் மேலாளரிடம் பேசினான்.

இந்தப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தேர்வுக்கு முதல் நாள் மாலை செய்கிறார்கள். அப்போது மேலாளருக்கு மாற்று ஆள் கிடையாது, பதில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. தம்பி பதிமூன்று நாள் முன்னால், கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லூரி கொடுத்த தேர்வு அட்டவணையின் நகலோடு போனான். விடுப்பு கேட்கவில்லை. “அண்ணே, அமாவாசைக்குப் புதனும் வியாழனும் நான் வந்துர்றேன். அதுக்குப் பதிலா 27-ஆம் தேதி ஞாயித்துக்கிழமையும் திங்கக்கிழமையும் விட்டுருங்கண்ணே” என்று கேட்டான். திங்கள் முழுதும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு, “எட்டு மணி வரைக்கும் இருந்துட்டுப் போ தம்பி” என்று பதில் வந்தது. அமாவாசைக்கு ஆள் தேடும் கவலை அவருக்கு இருந்ததால்தான் இந்த அளவாவது நடந்தது என்பது என் கணிப்பு.

அந்த வாரம் எப்படிப் போனது என்று நாள்வாரியாக அவன் தாளில் இருக்கிறது. செவ்வாய் 22: இரண்டு மணி நேரமும் வெற்றுத்தாள். ஐந்து கணக்குகளில் மூன்று சரி. ஒன்றில் முனைமத்தோடு, அதாவது முகமதிப்புக்கு மேல் கூடுதல் விலை வைத்து, வெளியிட்ட பங்குகளின் ஒறுப்பிழப்பில் தடுமாற்றம், இன்னொன்று கூட்டல் பிழை. முனைமத் தொகை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் பத்திர முனைமக் கணக்கைத் தொட வேண்டும், வந்துவிட்டதைத் தொடக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறான். புதன் 23: வேலை, இரவு 11.15 வரை நீண்டது. வியாழன் 24: கல்லூரியிலிருந்து நேராக வேலை, வீடு வந்தபோது 12.40. வெள்ளி: ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு கல்லூரி, பிறகு வழக்கமான வேலை.

வெள்ளியன்று காலை முதல் வகுப்பை மட்டம் போடட்டுமா என்று எனக்குச் செய்தி அனுப்பினான். 75 விழுக்காடு வருகை வேண்டும், பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள் வரை விட்டுப்போகலாம் என்ற கணக்கு எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 22 நாளில்தான் காய்ச்சலும், சாவு வீடும், புயல் எச்சரிக்கையால் பேருந்து நிற்கும் நவம்பர் நாட்களும் அடங்கவேண்டும். ஜூலையிலேயே தூக்கத்துக்காக அதைச் செலவழிக்கக் கூடாது என்று பதில் போட்டேன். போனான். இரண்டாவது வகுப்பில் தூங்கிவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமைதான் நான் தவறவிட்ட இடம். இரண்டரை மணி நேரம் மேசை என்று தாளில் போட்டிருந்தோம். மூன்று இரவுகளின் தூக்கக் கடன் சேர்ந்து அவனைக் காலை பத்தரை மணி வரை எழவிடவில்லை. சின்னம்மாவும் எழுப்பவில்லை, நானாக இருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டேன். எழுந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. நல்லவேளையாக, சனிக்கிழமைக்குப் புதிய பகுதி எதுவும் இல்லை. தவறிய இரண்டு கணக்குகள் மட்டும் இருந்தன, அவற்றைப் போட்டுவிட்டான். அமாவாசை வாரத்தில் அதற்கடுத்த சனிக்கிழமைக் காலையை மேசை நேரமாகக் கணக்கில் வைக்கவே கூடாது, தூக்கத்துக்கு எழுதிவிட வேண்டும் என்று இப்போது தாளிலேயே ஒரு விதியாக இருக்கிறது. வழக்கமான வாரத்துக்கு 11 மணி நேரம் என்றால் அமாவாசை வாரத்துக்கு நான்கரை.

ஞாயிறு பூசை முடிந்து இரண்டரை மணி நேரம் முழுதாகக் கிடைத்தது. ஐந்து கணக்குகளையும் வரிசை மாற்றிப் போட்டுப் பார்த்தான், எல்லாம் சரியாக வந்தன. மாலை எட்டு மணிக்கு லாட்ஜிலிருந்து கிளம்பி, ஒன்பதரைக்குப் படுத்துவிட்டான். திங்களன்று ஒறுப்பிழப்புக் கணக்கு வந்தது, முகமதிப்பு முழுதும் அழைக்கப்படாத கணக்கே வந்தது. அதே வாரத்தில் வந்த அடக்கவிலைக் கணக்கியல் அவ்வளவு நன்றாக அமையவில்லை. நிறுமக் கணக்கியலுக்காக அதன் நேரத்தை எடுத்துக்கொண்டோம், அதன் விலை அங்கே தெரிந்தது. வாரத்துக்கு 11 மணி நேரம் உள்ளவன் இரண்டு கணக்குப் பாடங்களையும் ஒரே வாரத்தில் இழுக்க முடியாது என்பதால், ஆகஸ்டிலிருந்து ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது என்று மாற்றினோம். தேர்வு இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் வரும்போது இந்த முறையும் திணறும். அதற்கு நல்ல வழி எங்களிடம் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு அவனே தாளோடு வந்தான். சார்ட் பேப்பரெல்லாம் போய், நாலாக மடித்த ஒரு வெள்ளைத்தாள். மேலே டே ஆர்டர் வரி, அதற்குக் கீழே மாதத்தின் அமாவாசை, கீழே ஐந்து மேசை நேரங்கள். செப்டம்பர் 21 மகாளய அமாவாசை என்று வட்டம் போட்டிருந்தான். “இது ஞாயித்துக்கிழமை அக்கா, முதல் நாள் சனி. ரெண்டும் எனக்கு எப்படியும் வேலை நாள்தான், சாயங்கால மேசை எதுவும் போகாது” என்றான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே கூப்பிடுவார்களே என்றேன். அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கத்தில் செப்டம்பர் 21 காலைக் கட்டத்தை ஏற்கெனவே குறுக்கே அடித்து, அதிலிருந்த எழுத்துப் பாடத்தை 18-ஆம் தேதி வியாழனுக்கு அம்பு போட்டு மாற்றியிருந்தான்.